மகாவுக்கு, போன்ல சொல்ல வராததால எழுதுறது

மகா,

இதை போன்லயே சொல்லிடலாம்னு 2 தடவை ஆரம்பிச்சேன். உன் குரல் கேட்டதும் "என்னடி ஆச்சு, ஒரு மாதிரி இருக்க"ன்னு நானே வாயைக் கொடுத்துட்டேன். அப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் போயிடுச்சு. அதான் எழுதுறேன். நிதானமா படி. படிச்ச கையோட கூப்பிடாத. நாளைக்கு ராத்திரி வரைக்கும் பதிலே வேண்டாம். கோவம் வந்தா தாராளமா கோவப்படு, அதை மட்டும் 14 நிமிஷ வாய்ஸ் மெசேஜா அனுப்பாத.

விஷயம் இதுதான். வர்ற திங்கக்கிழமையில இருந்து 6 வாரத்துக்கு பாரமான பேச்சு எதையும் என்னால கேட்க முடியாது. வீட்டுப் பங்கு, அதை ஒட்டி உங்கண்ணன் அண்ணி சண்டை, உன் மேனேஜர், உன் மாமியார். இந்த நாலும்தான். உன்கூட பேச்சே வேண்டாம்னு நான் சொல்லல. இந்த நாலையும் 6 வாரம் என்கிட்ட கொண்டு வராதன்னு மட்டும்தான் கேக்கறேன்.

ஏன்னு உனக்குப் பாதி தெரியும். அப்பாவுக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், போக வர சேர்த்தா ஒரு பகல் போச்சு. மத்த நாள்ல ஆபீஸ் வேலை மலையா கிடக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு மணி நேரம். போன வாரம் அந்த நேரத்துல உன்கிட்ட இருந்து 23 வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதுல பாதியை 2 மடங்கு வேகத்துல ஓட விட்டு, பாத்திரம் தேச்சுட்டே "ம்ம்"னு போட்டேன். உனக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நீ அழுதுட்டு சொன்னதை நான் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கல. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா உன் பேரைத் திரையில பார்த்தாலே எரிச்சல் வர ஆரம்பிச்சுடும். அது வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கசப்பா இருந்தாலும். நாம பேசறது ஒரே மாதிரி சுத்திட்டு இருக்கு. நீ நடந்ததைச் சொல்ற, நான் ஒரு வழி சொல்றேன், நீ "அதெல்லாம் அங்க எடுபடாதுடி"ங்கற, நான் இன்னொண்ணு சொல்றேன். கடைசியில ரெண்டு பேருக்கும் தலைவலி. மறுநாள் அதே விஷயம் மறுபடியும் முதல்ல இருந்து. உனக்கு வழி வேணாம், கேக்க ஆள் வேணும்னு எனக்கு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது. அந்தத் தப்பு என்னோடது. ஆனா கேக்கற ஆளாவும் இப்போ என்னால இருக்க முடியல.

சரி, இந்த 6 வாரம் எப்படின்னு சொல்றேன்.

உன் சாட்டை ஆர்க்கைவ்ல போடப் போறேன். பிளாக் பண்ணல, தப்பா நினைக்காத. நோட்டிபிகேஷன் வராது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் 6 மணி வாக்குல நானே திறந்து பார்ப்பேன். எழுதினதைப் படிப்பேன். வாய்ஸ் மெசேஜ் மட்டும் கேக்க மாட்டேன். டிக் நீலமாகும், மைக் குறி நீலமாகாது. அதைப் பார்த்து "இவ வேணும்னே கேக்கல"ன்னு மனசு கஷ்டப்படாத, இப்பவே சொல்லி வெச்சுட்டேன். எழுத்து மட்டும் ஏன்னா, எழுதும்போது நாலு வரியில முடியும். பேசும்போது நீ எங்க ஆரம்பிச்சன்னு உனக்கே மறந்துடும்.

சினிமா, உன் பொண்ணு டான்ஸ் கிளாஸ் வீடியோ, இட்லி மாவு ஏன் புளிக்கலங்கற ஆராய்ச்சி, நம்ம தெரு நாய் குட்டி போட்ட சேதி, இதெல்லாம் எப்ப வேணா அனுப்பு. அது வராம போனா எனக்குதான் நஷ்டம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்கு உத்திர வீதி நடை எப்பவும் போல உண்டு. ரெண்டு சுத்து, அப்புறம் காபி. அந்த நேரத்துல அந்த நாலு விஷயமும் வராது. உன் வாயில தானா வந்துடும்னு எனக்குத் தெரியும், பழக்கம் அப்படி. வந்தா நான் "மகா, லீவு"ன்னு ஒரே வார்த்தை சொல்வேன். முகத்தைத் தூக்காம பேச்சை மாத்திடு. நானே மறந்து போய் "உங்கண்ணன் என்ன சொன்னான்"னு கேட்டா நீ எனக்கு அதே வார்த்தையைச் சொல்லு. உண்மையைச் சொன்னா, முதல்ல இதை உடைக்கப் போறது நானாதான் இருப்பேன்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன்"னு ஆரம்பிக்கறதும் கணக்குல சேரும். அந்த ஒரே ஒரு விஷயத்துக்கு ஒருநாள்கூட 40 நிமிஷத்துக்குக் குறைஞ்சதில்ல.

இப்போ இதுக்கெல்லாம் விதிவிலக்கு ஒண்ணு. இதை நல்லா மனசுல வெச்சுக்கோ. உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வந்தாலோ, வீட்ல யாராவது உன் மேல கை வெச்சாலோ, பாப்பாவுக்கு ஏதாவதுன்னாலோ, லீவு கிடையாது. நடுராத்திரி ஆனாலும் கூப்பிடு. வாட்ஸப் கால் வேண்டாம், சாதாரண கால். ஒரு தடவை அடிச்சு நான் எடுக்கலன்னா உடனே, 3 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை அடி. என் போன் 'டூ நாட் டிஸ்டர்ப்'ல இருந்தாலும் அந்த ரெண்டாவது கால் அடிக்கற மாதிரி செட்டிங் போட்டுட்டேன். அப்பவும் நான் எடுக்கலன்னா காத்துட்டு இருக்காத. 14416க்குப் போடு, டெலி மனாஸ்னு மனநல உதவி லைன், 24 மணி நேரமும் இருக்காங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. வீட்ல அடின்னா 181, உடனடி ஆபத்துன்னா 112. இந்த மூணு நம்பரையும் இப்பவே போன்ல சேவ் பண்ணு.

14416 அந்த அளவுக்குப் போனாதான்னு இல்ல. தூக்கம் வரல, நெஞ்சு படபடக்குதுன்னு நீ சொல்றல்ல, அதுக்கும் பேசலாம். நான் "ம்ம்" போடறதை விட அவங்க கேக்கறது நல்லாவே இருக்கும், அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க. நாலு மாசமா உனக்குத் தூக்கம் சரியில்ல. அது என்கிட்ட பேசித் தீர்ற விஷயம் இல்லடி, டாக்டர் பார்க்க வேண்டியது. ஜி.எச்.ல மனநலப் பிரிவு இருக்கு, சீட்டு போட்டுப் பார்க்கலாம். தனியா போகத் தயக்கமா இருந்தா ஒரு செவ்வாய் இல்ல வியாழன் காலையில சொல்லு, கூட வரேன். அது லீவுல சேராது.

வீட்டுப் பங்கு விஷயம். "கையெழுத்து போடட்டுமா வேணாமா"ன்னு என்கிட்ட நீ கேக்க ஆரம்பிச்சு எத்தனை மாசம்! நான் வக்கீல் இல்ல. எனக்குத் தெரிஞ்சதைக் கடைசியா ஒரு தடவை சொல்லிடறேன். உங்கப்பா உயில் எழுதல, வீடு அவர் சம்பாதிச்சு வாங்கினது. அப்போ உங்கம்மா, உங்கண்ணன், நீ, மூணு பேருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆயிடுச்சுங்கறதால உன் பங்கு போகாது. உன் பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சுட்டா அப்புறம் நீயா நினைச்சு ரத்து பண்ண முடியாது, கோர்ட்டுக்குதான் போகணும். அதனால வக்கீலைப் பார்க்கற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாத. வெத்துப் பேப்பர்ல கண்டிப்பா போடாத.

வக்கீலுக்குக் காசு இல்லன்னு சொல்லாத. கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா உதவி கொடுப்பாங்க. 15100க்கு அடிச்சும் கேக்கலாம். போகும்போது அப்பாவோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, உன் ஆதார். வாரிசுச் சான்று இன்னும் வாங்கலன்னா முதல்ல இ-சேவை மையத்துல அதுக்கு மனு கொடு. என்கிட்ட ஒரு வாரம் புலம்பற நேரத்துல இந்த வேலை முடிஞ்சுடும்னு கொஞ்சம் கோவமாவே சொல்றேன்.

மேனேஜர் விஷயத்துக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யார் இருந்தாங்க. நாலு வரி, அன்னிக்கே எழுதணும். என்கிட்ட சொல்லும்போது வாரா வாரம் கதை கொஞ்சம் மாறுது, அது உன் தப்பில்ல, யாருக்கும் அப்படித்தான். ஆனா ஹெச்.ஆர். முன்னாடி போய் உக்காரும்போது நோட்டுல இருக்கறதுதான் நிக்கும்.

மாமியார் பத்தி என்கிட்ட சரக்கு இல்ல. நாலு வருஷமா சொன்னதையேதான் சொல்லிட்டு இருக்கேன்.

என் இடத்துல சாந்தியைப் போட்டுடாத. அவளுக்கு 7 மாசம். நம்ம குரூப்ல இதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். அவங்க நடுவுல புகுந்து சமாதானம் பண்ண ஆரம்பிச்சா அது தனி வேலை.

6 வாரம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, நடை முடிஞ்சு காபி குடிக்கும்போது உக்காந்து பேசுவோம். அதுக்கப்புறமும் பழையபடி இருக்காது, இப்பவே சொல்லிடறேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம்னு வெச்சுக்கலாம்னு தோணுது. கூப்பிடறதுக்கு முன்னாடி "கனமா ஒண்ணு இருக்கு, முடியுமா"ன்னு ஒரு வரி போடு. "இன்னிக்கு முடியாது"ன்னு நான் சொன்னா அது அன்னிக்கு மட்டும்தான். பேச ஆரம்பிக்கும்போதே கேட்டா போதுமா, வழி சொல்லணுமான்னு சொல்லிடு. நானும் அதே மாதிரி கேட்டுட்டுதான் உன்கிட்ட என் பாட்டைப் பாடுவேன். நான் பாடறதே இல்லன்னு நீ ஒரு தடவை குறைப்பட்டுக்கிட்ட. எனக்கு முறை வந்தாதானே!

இதைப் படிச்சுட்டு "நான் உனக்கு பாரமாயிட்டேன், இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் பதில் போடாத. போட்டா நான் ஒரு மணி நேரம் உன்னைச் சமாதானம் பண்ணணும், அதுவும் பாரப் பேச்சுதான். மன்னிப்பும் வேண்டாம். படிச்சேன்னு நாளைக்கு ராத்திரி ஒரு கட்டைவிரல் போடு, போதும்.

ஞாயித்துக்கிழமை வரும்போது என் நீலக் குடையை எடுத்துட்டு வா. மூணு மாசமா உங்க வீட்லயே கிடக்கு.

சுதா