அடிக்காத போன்

காளி கோயிலிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, தெய்ஞ்சி சந்தைப் பக்கமாக இருக்கிறது முத்தையா அண்ணன் பருப்புக் கடை. யாங்கூனில் உளுந்து விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று அது அடிக்கவே இல்லை.

முதலில் வியாபாரம் மந்தம் என்றுதான் நினைத்தார். அப்புறம் தட்டோன்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, அண்ணன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கீங்களா? போன் எப்பப் பாத்தாலும் ஆஃப். ஆஸ்பத்திரியில கிடக்கீங்கன்னு சொன்னாங்க. முப்பது வீசை உளுந்தை எதிர்க் கடையிலயே எடுத்துட்டேன்."

எதிர்க் கடைக்காரர் யார் கேட்டாலும் "பாவம், மனுசனுக்கு என்னன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பொய் என்றும் சொல்ல முடியாது.

கையில் போன் திரை எரிகிறது. அண்ணன் கூப்பிட்டால் எல்லோருக்கும் போகிறது. வைபரில் மகள் பேசுகிறாள். சாதாரண அழைப்பு மட்டும் வருவதில்லை. போன்தான் கெட்டது என்று முடிவு கட்டி, புதுசு ஒன்று வாங்கி சிம்மை மாற்றிப் போட்டார். அதுவும் ஊமை.

கோபமாக போன் கடைக்கே திரும்பிப் போனார். அங்கே வேலை பார்க்கும் செல்வி தன் போனிலிருந்து அவர் நம்பரை அடித்தாள். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று பர்மியக் குரல் சொன்னது. அண்ணன் கையிலோ போன் பளிச்சென்று இருந்தது.

"மாமா, கொஞ்சம் குடுங்க." அவர் போனில் *#21# என்று அழுத்தினாள். திரையில் வேறொரு நம்பர் வந்தது. "வர்ற கால் எல்லாம் இதுக்குத்தான் போகுது. யாரு நம்பர்?"

அக்கா மகன் குமார் நம்பர். பீலிக்கான் கோயில் தீமிதிக்கு அண்ணன் காப்புக் கட்டியிருந்தபோது, "வியாபாரத்த நான் பாத்துக்குறேன் மாமா" என்று போனை வாங்கி ஏதோ அழுத்தியிருந்தான். தீ மிதித்து முடிந்தது. குமார் மண்டலேயில் வேலை கிடைத்துப் போனான். அங்கே வேறு சிம் போட்டுக்கொண்டு, பழையதை எந்த டப்பாவில் எறிந்தானோ.

"அப்ப புதுப் போன்ல ஏன் வரல?"

"இது போன்ல இல்ல மாமா, கம்பெனி பக்கம் உங்க நம்பர் மேல போட்டிருக்கு. எந்த செட்டுல சிம்ம போட்டாலும் கூடவே வரும்." பேசிக்கொண்டே ##21# அழுத்தினாள். நீக்கியாச்சு என்று வந்தது. தன் போனிலிருந்து மறுபடி அடித்தாள். அண்ணன் கையில் முருகன் பாட்டு அலறியது.

எடுத்து, பக்கத்தில் நிற்கிறவளிடமே "ஹலோ" என்றார். அப்புறம் புதுப் போனைத் துடைத்து மேசை மேல் வைத்தார்.

"கெட்டது போன் இல்லன்னு ஆயிருச்சே. இதத் திருப்பி எடுத்துக்கிறியாம்மா?"

"பெட்டி எங்க மாமா?"

பெட்டியில் அண்ணி கடுகு போட்டு வைத்திருந்தாள்.