பொருள்: ஜூன் 15 திங்கள், மண்டபத்தில் உங்கள் முதல் நாள்

அன்புள்ள கயல்விழிக்கு,

வணக்கம். கடல்பாசிக் கொள்முதல் நிலையத்தின் களப் பொறுப்பாளராக நீங்கள் வருவது எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். எடை போடும் அக்காமார் இப்போதே "மதுரப் பொண்ணு எப்ப வருது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு மதியமே வந்துவிடுங்கள். மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் எப்படியும் நாலு மணி நேரம் ஆகும். மண்டபம் முகாம் முதலில் வரும், அங்கே இறங்கிவிட வேண்டாம். அடுத்து வரும் மண்டபம்தான் நம் ஊர். நிறுத்தத்தில் நானே நிற்பேன். பரமக்குடி தாண்டியதும் ஒரு மெசேஜ் போடுங்கள். 14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. மறுநாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் என்பதால், ஐஸ் வண்டியும் டீசல் கேனுமாகத் தெருவே நெரிசலாக இருக்கும். பயணத்தைத் திங்கள் காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் ஆசிரியர் வீட்டு மாடியில் அறை பார்த்திருக்கிறோம். முதல் மாத வாடகை நிலையத்தின் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது குளிக்கத்தான் ஆகும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறோம். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றில் அசலும் ஒரு நகலும் கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நான்கு வேண்டும். முந்தைய வேலையின் பி.எஃப். எண் இருந்தால் அதையும் குறித்து வாருங்கள். முழுக்கை வைத்த பழைய சுடிதார் இரண்டு, தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி அவசியம். பாசி மிதவையின் மூங்கிலில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி கிழித்துவிடும்.

திங்கள் காலை 9 மணிக்குக் காகித வேலை. பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காய்ந்த பாசியில் மணலும் உப்பும் ஒட்டியிருக்கும், ஈரமும் கொஞ்சம் நிற்கும். அதற்காக எடையில் கழிவு பிடிப்பது வழக்கம். எவ்வளவு பிடிக்கிறோம் என்பதில்தான் நம்பிக்கை நிற்பதும் விழுவதும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கொள்முதல் இடத்தில் தராசின் முகம் வியாபாரியைப் பார்த்தே இருக்கும், கழிவு அவர் வாயில் வருவதுதான். இரண்டே சீசனில் பெண்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். இங்கே தராசின் எண் விற்பவர் கண்ணுக்கு நேரே இருக்கும். மூட்டையை அவர்கள் முன்னாலேயே உதறி, விழுந்த மணலைத் தனியாக நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கழிவை எழுதுகிறோம். பணம் அன்றைக்கே கையில். இதை நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செவ்வாய் மதியம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் அக்காமார் வருவார்கள். பாறையில் கீறாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கீற்றைச் சுற்றியிருப்பார்கள். கரையேறியதும் அதைப் பல்லால் கடித்து அவிழ்ப்பார்கள். அந்த நேரத்தில் நோட்டை நீட்டிக் கையெழுத்து கேட்காதீர்கள். ஒரு டீ குடிக்கட்டும்.

புதன் காலை ஐந்தரைக்கு வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பாசி வளர்க்கும் மிதவை பார்க்கப் போகிறோம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டத்தில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் சுமார் 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. அறுவடைக்கு 45 நாள். மீன் கடித்துவிடாமல் அடியில் வலை கட்டியிருக்கும். கப்பாபைகஸ் என்ற இந்தப் பாசியை மன்னார் வளைகுடாப் பக்கம் நாம் வளர்ப்பதில்லை. அங்கே தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன, குருசடைத் தீவருகே பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்ததும் நடந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் யாரும் கால் வைக்கக் கூடாது, நீங்களும்தான். நீச்சல் தெரியாது என்று நேர்காணலில் சொன்னீர்கள், அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற்ற மாட்டேன். தண்ணீரில் சொறி மீன் பட்டால் எரியும். தேய்க்காமல் உடனே படகுக்காரர் அண்ணனிடம் சொல்லுங்கள்.

வியாழன், வெள்ளி கணக்கு நோட்டும் கணினிப் பதிவும். சனி மதியம் நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். தராசடியில் சரியில்லை என்று பட்டதை எல்லாம் அன்றைக்குச் சொல்லுங்கள். புதுக் கண்ணுக்குத் தெரிவது பழகிய கண்ணுக்குத் தெரியாது. ஞாயிறு விடுமுறை.

சாப்பாட்டில் மீன் ஆகாது என்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள், வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவைக்கிறேன். அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். அப்பா அம்மா கூட வந்து இடத்தைப் பார்ப்பதானால் தாராளமாக வரட்டும், ஞாயிறு இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
ஜெசிந்தா
நிலைய மேலாளர், மண்டபம்