பெராக்சைடு மதிப்பு இறங்கினால் எண்ணெய் நல்லதாகிவிட்டதா? ஒரு 10 மதிப்பெண் கேள்வி

கேள்வி இது. சூரியகாந்தி எண்ணெயில் மூன்று மாதிரிகள். அ புதியது: பெராக்சைடு மதிப்பு 1.8, அனிசிடின் மதிப்பு 3. ஆ, அதே எண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் 60 °C-ல் 10 நாள் வைத்தது: அனிசிடின் மதிப்பு 8, பெராக்சைடு மதிப்பைத் தரம்பார்த்தல் அளவீடுகளிலிருந்து நீங்களே கணக்கிட வேண்டும். இ, ஆ மாதிரியை 180 °C-ல் ஒரு மணி நேரம் சூடாக்கியது: பெராக்சைடு மதிப்பு 6.2, அனிசிடின் மதிப்பு 74. "இ மாதிரியின் பெராக்சைடு மதிப்பு 10-க்குக் கீழே இருக்கிறது, ஆகவே அது பயன்படுத்தத் தகுந்தது. இக்கூற்றை ஆராய்க."

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் வரையறையை மனப்பாடம் செய்தவர் இங்கே "ஆம்" என்று எழுதிவிடுவார், வினை நடக்கும் வரிசை புரிந்தவர் மட்டும் நின்று யோசிப்பார். அந்த வரிசையிலிருந்தே தொடங்குவோம்.

நிறைவுறா கொழுப்பு அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு CH₂ இருக்கிறது பாருங்கள், அதுதான் பலவீனமான இடம். அங்கிருக்கும் ஹைட்ரஜனைப் பறிக்க அதிக ஆற்றல் வேண்டாம், ஏனென்றால் பறித்தபின் மிஞ்சும் தனி எலக்ட்ரான் இரண்டு பக்கமும் பரவி நிலைபெற்றுவிடும். ஒலியிக் அமிலத்தில் அப்படி ஒரு CH₂ கிடையாது, லினோலியிக்கில் ஒன்று, லினோலெனிக்கில் இரண்டு. ஒலியிக்கைவிட லினோலியிக் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதும், லினோலெனிக் அதைப்போல் இன்னும் சுமார் இரண்டு மடங்கு வேகமாகப் போவதும் இதனால்தான். சூரியகாந்தி எண்ணெயின் சாதாரண வகையில் லினோலியிக் அதிகம் என்ற ஒரு வரியை விடையில் சேர்த்துவிடுங்கள், கேள்வியோடு ஒட்டும்.

வெப்பம், ஒளி, இரும்பு, தாமிரம் போன்ற உலோக அயனிகள், இவற்றில் ஏதோ ஒன்று அந்த ஹைட்ரஜனைப் பிடுங்க உதவுகிறது. தனி உறுப்பு பிறந்தது. அப்புறம் நடப்பது சங்கிலி வினை:

```
தொடக்கம்:  RH → R•
பரவல்:     R• + O2 → ROO•
           ROO• + RH → ROOH + R•
முடிவு:    R• + R• → R-R
           ROO• + R• → ROOR
```

பரவல் படியின் இரண்டாவது வரியை உற்றுப் பாருங்கள். ஒரு ROOH, அதாவது ஹைட்ரோபெராக்சைடு, உருவாகும்போதே இன்னொரு R• வெளியே வருகிறது, அது அடுத்த ஆக்சிஜனைப் பிடிக்கப் போகிறது. அதனால்தான் முதலில் சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு (இதுதான் தூண்டல் காலம்) திடீரென்று வேகம் எடுக்கிறது. டோகோஃபெரால், பிஹெச்டி, டிபிஹெச்க்யூ போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் தங்கள் ஹைட்ரஜனை ROO•-க்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் சோம்பேறித் தனி உறுப்பாக மாறிச் சங்கிலியை அறுக்கின்றன. தூண்டல் காலம் நீள்கிறது. ஏற்கெனவே உருவான பெராக்சைடை அவை துடைத்தெடுத்துவிடாது. இதை மாற்றி எழுதுபவர்கள் நிறைய.

இப்போது முக்கியமான விஷயம்: ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடையே கிடையாது, ருசியும் இல்லை. காறல் வாடை அது உடையும்போதுதான் வருகிறது. ROOH-ல் O–O பிணைப்பு அறுந்து, கார்பன் சங்கிலியும் துண்டாகி, ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால் எல்லாம் வெளியே வருகின்றன. லினோலியிக் அமிலத்திலிருந்து வரும் ஹெக்சனல் என்ற ஆல்டிஹைடு இதற்கு நல்ல உதாரணம். ஆக, ROOH முதல்நிலை விளைபொருள், ஆல்டிஹைடுகள் இரண்டாம்நிலை விளைபொருள்கள். இந்த ஒரு வேறுபாட்டில்தான் கேள்வியின் பாதி மதிப்பெண் இருக்கிறது.

காறல் என்றாலே ஆக்சிஜனேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். நீரும் லிப்பேஸ் நொதியும் டிரைகிளிசரைடைப் பிளந்து கொழுப்பு அமிலத்தை விடுவித்தால் அது நீராற்பகுப்புக் காறல். பியூட்டிரிக் போன்ற சிறிய அமிலங்கள் உள்ள கொழுப்பில் மூக்கைத் துளைக்கும். அதை அமில மதிப்பு காட்டும், பெராக்சைடு மதிப்பு காட்டாது.

சரி, அளப்பது எப்படி? 1 கிலோ எண்ணெயில் எத்தனை மில்லிஈக்வலண்ட் வினைபுரியும் ஆக்சிஜன் பெராக்சைடாக இருக்கிறது என்பதே பெராக்சைடு மதிப்பு. எண்ணெயை அசெட்டிக் அமிலம்–குளோரோஃபார்ம் 3:2 கலவையில் கரைத்து (இப்போது குளோரோஃபார்முக்குப் பதில் ஐசோஆக்டேனும் பயன்படுத்துகிறார்கள்), தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் 0.5 மி.லி. சேர்த்து, சரியாக ஒரு நிமிடம் குலுக்கி, 30 மி.லி. நீர் ஊற்றி, விடுபட்ட அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும்.

```
ROOH + 2I⁻ + 2H⁺ → ROH + I2 + H2O
I2 + 2Na2S2O3 → 2NaI + Na2S4O6
```

ஏன் சரியாக ஒரு நிமிடம்? காற்றிலுள்ள ஆக்சிஜனும் அயோடைடை அயோடினாக மாற்றும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. நேரத்தை இழுத்தால் இல்லாத பெராக்சைடும் கணக்கில் ஏறும். ஸ்டார்ச்சை மஞ்சள் நிறம் வெளிறியபிறகுதான் ஊற்ற வேண்டும், முன்கூட்டியே ஊற்றினால் அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. இன்னொன்று, குளோரோஃபார்ம் கனமானது என்பதால் குடுவையின் அடியில் தங்கும், அயோடின் அதற்குள் ஒளிந்திருக்கும். மேலே நீலம் போய்விட்டது என்று நிறுத்திவிட்டு, குடுவையை ஒரு சுழற்று சுழற்றினால் நீலம் திரும்ப எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் பலமாகக் குலுக்கினால்தான் உண்மையான முடிவுநிலை கிடைக்கும்.

ஆ மாதிரிக்குத் தந்த அளவீடுகள்: எண்ணெய் 5.00 கிராம், தயோசல்பேட் 0.01 N, மாதிரிக்கு 19.3 மி.லி., எண்ணெய் இல்லாத வெற்றுச் சோதனைக்கு 0.1 மி.லி.

```
PV = (S − B) × N × 1000 / W
   = (19.3 − 0.1) × 0.01 × 1000 / 5.00
   = 38.4 meq/kg
```

வெற்றுச் சோதனையைக் கழிக்க மறப்பதும், அலகை எழுதாமல் விடுவதும் வீணாக மதிப்பெண் போகும் இடங்கள். மில்லிமோலில் கேட்டால் பாதியாக்குங்கள், 19.2, ஒரு மோல் பெராக்சைடு இரண்டு ஈக்வலண்ட் என்பதால்.

இப்போது இ மாதிரிக்கு வருவோம். 38.4-லிருந்து 6.2-க்கு இறங்கியிருக்கிறது. பெராக்சைடு எங்கே போனது? 180 °C-ல் ROOH உருவாகும் வேகத்தைவிட உடையும் வேகம் அதிகம். உடைந்த துண்டுகள்தான் அனிசிடின் மதிப்பில், 8-லிருந்து 74-க்கு ஏறி உட்கார்ந்திருக்கின்றன. (p-அனிசிடின் ஆல்டிஹைடுகளோடு, குறிப்பாக 2-ஆல்கீனல்களோடு, வினைபுரிந்து தரும் மஞ்சள் நிறத்தை 350 நா.மீ.-ல் அளக்கிறோம்.) இரண்டையும் சேர்த்துப் பார்க்க டோடாக்ஸ் மதிப்பு இருக்கிறது, 2PV + AV; இங்கே PV பெராக்சைடு மதிப்பு, AV அனிசிடின் மதிப்பு:

```
அ: 2 × 1.8  + 3  = 6.6
ஆ: 2 × 38.4 + 8  = 84.8
இ: 2 × 6.2  + 74 = 86.4
```

ஆ-வும் இ-யும் ஏறக்குறைய ஒரே அளவு கெட்டவை. ஆ-வில் கேடு பெரும்பாலும் பெராக்சைடாகத் தேங்கி நிற்கிறது, இ-யில் ஆல்டிஹைடாக மாறிவிட்டது; முகர்ந்து பார்த்தால் இ-தான் மோசமாக இருக்கும்.

சுத்திகரித்த எண்ணெய்க்கு கோடெக்ஸ் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 10 என்பது உண்மைதான், செக்கில் குளிர்முறையில் பிழிந்ததற்கும் வெர்ஜின் எண்ணெய்க்கும் 15 வரை விடுகிறார்கள். ஆனால் பெராக்சைடு மதிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் ஒரு வளைகோடு. 6.2 என்ற எண் ஏறும் பக்கத்திலும் வரும், இறங்கும் பக்கத்திலும் வரும். எந்தப் பக்கம் என்று அனிசிடின் மதிப்பு சொல்கிறது. எனவே கூற்று தவறு என்று எழுதுங்கள், காரணமாக 74-ஐக் காட்டுங்கள், டோடாக்ஸ் கணக்கைக் கீழே போடுங்கள். வளைகோட்டை வரைந்து அ, ஆ, இ மூன்றையும் அதில் குறித்துவிட்டால் திருத்துபவர் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார்.