நான் பஸ்ஸில் போகிறேன்

காட்சி 1
(பஸ் நிறுத்தம். கேமரா அசையக் கூடாது.)
குரல்: இது பஸ் நிறுத்தம். நான் இங்கே நிற்கிறேன்.

காட்சி 2
(பஸ்ஸின் எண் பலகை மட்டும். ஐந்து நொடி அப்படியே இருக்கட்டும்.)
குரல்: என் பஸ் 12. இதுவும் 12. இது என் பஸ்.

காட்சி 3
(பஸ் படிக்கட்டு.)
குரல்: பஸ் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அப்புறம் நான் ஏறுகிறேன்.

காட்சி 4
(சாதாரணக் கட்டண டவுன் பஸ். கையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.)
குரல்: அட்டையைக் காட்டுகிறேன். கண்டக்டர் டிக்கெட் தருகிறார். நான் காசு தர வேண்டாம்.

காட்சி 5
(கண்டக்டர் முகம்.)
நான்: அண்ணா, மார்க்கெட் வந்தால் சொல்லுங்க.
கண்டக்டர்: சரிப்பா.

காட்சி 6
(ஜன்னல். மார்க்கெட் பின்னால் போகிறது. இசை வேண்டாம். அவசரப்படாமல் காட்டுங்கள்.)
குரல்: என் நிறுத்தம் போய்விட்டது.

காட்சி 7
(முகம். கம்பியை இறுகப் பிடித்த கை.)
குரல்: எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வரலாம். அது தப்பில்லை.

காட்சி 8
நான்: அண்ணா, என் ஸ்டாப் போயிடுச்சு.
கண்டக்டர்: பரவாயில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்குப்பா.

காட்சி 9
(பஸ் நின்றுவிட்டது.)
குரல்: நான் மெதுவாக இறங்குகிறேன்.

காட்சி 10
(பேக்கரி வாசல். கையில் போன்.)
நான்: அம்மா, நான் பேக்கரி வாசலில் நிற்கிறேன்.
அம்மா: அங்கேயே நில்லு கண்ணா. இதோ வரேன்.