சட்ட நுழைவுத் தேர்வு: கொள்கையை நிகழ்வில் பொருத்தும் பயிற்சி வினாக்கள்

கொடுத்த கொள்கையை மட்டும் வைத்து விடை சொல்லுங்கள். யார் மேல் பாவமாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கிளாட் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும்.

வினா 1

கொள்கை: ஒருவர் கைவசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, அவருக்குச் சட்டவிரோதமாக இழப்பு உண்டாக்கும் எண்ணத்தோடு எடுத்தால் அது திருட்டு. கூலி பாக்கி தீரும்வரை, பழுது பார்த்தவர் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

நிகழ்வு: காசிமேட்டில் பைபர் படகு வைத்திருக்கும் சேகர், இன்ஜினைப் பழுது பார்க்க மெக்கானிக் பாபுவிடம் கொடுத்தார். கூலி ரூ.6,500. முன்பணம் ரூ.1,500. வேலை முடிந்ததும், பாக்கியைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றார் பாபு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுநாள் கடலுக்குப் போக வேண்டும், கையில் பணமில்லை. பாக்கியைக் கொடுக்காமலே மீட்டுவிடலாம் என்று, இரவில் பட்டறையிலிருந்து இன்ஜினைத் தூக்கி வந்துவிட்டார் சேகர்.

(அ) திருட்டு அல்ல, இன்ஜின் அவருடையது
(ஆ) திருட்டு அல்ல, பிழைப்புக்காக எடுத்தார்
(இ) திருட்டு
(ஈ) திருட்டு அல்ல, முன்பணம் கொடுத்திருக்கிறார்

விடை: (இ). பலரும் (அ)வில்தான் விழுகிறார்கள். கொள்கையை மறுபடி படியுங்கள்: "கைவசம்" என்றுதான் இருக்கிறது, சொந்தக்காரர் யார் என்ற பேச்சே இல்லை. அன்று இரவு இன்ஜின் சட்டப்படி பாபுவின் கைவசம் இருந்தது. பாக்கிக்கு இருந்த ஒரே பிடிமானம் அவருக்குப் போய்விட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவும் சொந்தப் பொருளைத் திருட முடியும் என்றே கொள்கிறது. சரி, கூலி முழுவதையும் கட்டிய பிறகும் பாபு தர மறுத்து, அதனால் சேகர் எடுத்திருந்தால்? அப்போது பாபுவுக்குச் சட்டவிரோத இழப்பு எதுவுமில்லை, எனவே திருட்டும் இல்லை. தேர்வில் இப்படி ஒரே ஒரு வரியை மாற்றித்தான் அடுத்த வினாவைக் கேட்பார்கள்.

வினா 2

கொள்கை: முன்மொழிவை அறியாதவர் அதை ஏற்றவராக மாட்டார்.

நிகழ்வு: தொலைந்த பையைக் கொண்டுவருபவருக்கு ரூ.5,000 என்று எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர் நோட்டீஸ் ஒட்டினார். அதைப் பார்க்காத ஆட்டோ ஓட்டுநர், பையிலிருந்த முகவரிக்கே போய் ஒப்படைத்தார். திரும்பும் வழியில்தான் நோட்டீஸ் கண்ணில் பட்டது. பணத்தைச் சட்டப்படி கேட்க முடியுமா?

(அ) முடியும்
(ஆ) முடியாது

விடை: (ஆ). 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் லால்மன் சுக்லா வழக்கில் சொன்னதும் இதுதான்.

வினா 3

கொள்கை: அபாயகரமான தொழில் நடத்துபவர், அதனால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு. விதிவிலக்கு கிடையாது.

நிகழ்வு: ராயபுரத்தில் ஓர் ஐஸ் பேக்டரியில் இடி விழுந்து குழாய் உடைந்து, அமோனியா கசிந்தது. தெருவில் நால்வருக்கு மூச்சுத் திணறல். ஒழுங்காகப் பராமரித்தோம், இது இயற்கையின் செயல் என்கிறார் முதலாளி.

(அ) பொறுப்பில்லை
(ஆ) பாதிப் பொறுப்பு
(இ) முழுப் பொறுப்பு

விடை: (இ). இயற்கையின் செயல் என்ற வாதம் 1868-ஆம் ஆண்டின் ரைலண்ட்ஸ் வழக்கு வழி வந்த கடும் பொறுப்புக்குப் பொருந்தும். இங்கே கொடுத்திருப்பது, 1985-இல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்பு.