காலாண்டு அறிக்கை: அனுப்பும் முன் கடைசிப் பார்வை

2026 ஜனவரி–மார்ச் பயிற்சி அறிக்கையை வாடிக்கையாளருக்கு அனுப்பப் போகிறவருக்கு இது. எழுதி முடித்த சூட்டிலேயே சரிபார்க்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

பெறுநர்

☐ To பெட்டியைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். பாதி எழுதும்போது கை தவறினாலும் போகாது.

☐ செந்தில் என்று அவர்கள் பக்கம் ஒருவர், நம் கணக்குப் பிரிவில் ஒருவர். பெயரைப் பார்த்தால் போதாது, @ குறிக்குப் பின்னால் இருப்பதையும் படியுங்கள்.

☐ பயிற்சியாளர்கள் 14 பேரும் Bcc-யில். Cc-யில் போட்டால் ஒருவர் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பெயர்

☐ அவரவர் கையொப்பத்தில் எழுதுவதுபோலவே, இனிஷியலோடு. ஷண்முகம் என்று எழுதுபவரைச் சண்முகம் ஆக்க நமக்கு உரிமை இல்லை.

☐ போன காலாண்டு மின்னஞ்சலை நகலெடுத்துத்தானே எழுதினீர்கள்? Ctrl+F போட்டு "டிசம்பர்" எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்கள் (இங்கே அவசரப்பட வேண்டாம்)

☐ பங்கேற்றவர்கள்: 1,840 + 1,905 + 1,997 = 5,742. கால்குலேட்டரில் நீங்களே ஒருமுறை கூட்டுங்கள். பிறகு மின்னஞ்சல், அட்டவணை, முதல் பக்கச் சுருக்கம் மூன்றிலும் அதே எண்தானா என்று பாருங்கள். முதல் வரைவில் நானே 5,472 என்று அடித்திருந்தேன். வித்தியாசம் 270, 9-ஆல் வகுபடும். அப்படி வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று சந்தேகப்படுங்கள்.

☐ பயிற்சியை முடித்தவர்கள் 60 சதவீதத்திலிருந்து 75 ஆனது 15 சதவீதப் புள்ளி உயர்வு. "15 சதவீதம் உயர்ந்தது" என்றால் தப்பு; அந்தக் கணக்குப்படி அது 25 சதவீத உயர்வு.

☐ கூட்டம் மே 14, வியாழன். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா? 05/06 போல எழுதாமல் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

இணைப்பு

☐ "இணைத்துள்ளேன்" என்ற வார்த்தை இருக்கும், கோப்பு இருக்காது. இணைத்தபின் அங்கிருந்தே திறந்து பாருங்கள். பெயரில் "final_புதுசு_2" போன்றவை வேண்டாம்.

☐ எக்செலில் மறைத்த ஷீட், வேர்டில் நம் குறிப்புகள், திருத்தத் தடங்கள் எல்லாம் போய்விட்டனவா? "இவர்களுக்கு இது புரியாது" என்று ஓரத்தில் எழுதியவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நீக்கிவிடுங்கள்.

தொனி

☐ வாய்விட்டுப் படியுங்கள். "ஏற்கெனவே தெரிவித்தபடி" எரிச்சலாகக் கேட்கும். அதை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "உடனடியாக" இருக்கும் இடத்தில் "மே 8-க்குள்" என்று போடுங்கள்.

☐ மார்ச் வகுப்பு தள்ளிப்போனதற்கு ஒரு வரி வருத்தம் போதும். மூன்று வரி எழுதினால் ஏதோ பெரிதாக நடந்துவிட்டதோ என்று நினைப்பார்கள்.

சரி, எல்லாம் ஆயிற்றா? ஜிமெயில் அமைப்பில் Undo Send 30 நொடியில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தியதும் எழுந்து போகாதீர்கள்.