சி.ஏ. இறுதித் தேர்வுப் பயிற்சி: சூழல் வினாக்கள், விடைகள்

வினா 1. நிறுவனம் ஒன்றின் தணிக்கையாளராக ரமணி நியமிக்கப்படவிருக்கிறார். அவருடைய கணவர் அதே நிறுவனத்தின் 10 ரூபாய் முகமதிப்புள்ள 8,000 பங்குகளை வைத்திருக்கிறார். சந்தை விலை பங்குக்கு 45 ரூபாய். ரமணி தகுதியுடையவரா?
(அ) ஆம் (ஆ) இல்லை. பங்கு மதிப்பு 3,60,000 ரூபாய் (இ) இல்லை. உறவினர் பங்கே வைத்திருக்கக்கூடாது

விடை: (அ). 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141(3)(d) பிரிவும் அதன் விதி 10-உம் உறவினருக்கு 1,00,000 ரூபாய் வரை விலக்குத் தருகின்றன. கணக்கில் வருவது முகமதிப்பு; இங்கே அது 80,000 ரூபாய்தான். சந்தை விலையைக் கொடுத்திருப்பதே உங்களை (ஆ)-வுக்கு இழுக்கத்தான். பங்குகள் ரமணியின் பெயரிலேயே இருந்தால், ஒரே ஒரு பங்கு போதும், தகுதி போய்விடும்.

வினா 2. ஆண்டு முடிவு மார்ச் 31. ஏப்ரல் 12-இல் கிடங்கு தீப்பிடித்து 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு அழிந்தது. நெடுநாள் நிலுவை வைத்திருந்த வாடிக்கையாளர் ஏப்ரல் 20-இல் நொடித்துப்போனார். இயக்குநர் குழு மே 28-இல் கணக்குகளை ஏற்கிறது. எதற்குக் கணக்கில் திருத்தம் வேண்டும்?

விடை: வாடிக்கையாளர் நிலுவைக்கு மட்டும். அவருடைய நலிவு மார்ச் 31-க்கு முன்பே இருந்தது, ஏப்ரல் செய்தி அதை உறுதிப்படுத்துகிறது (ஏ.எஸ். 4). தீ புதிய நிகழ்வு. தொகை பெரிதென்பதால் அறிக்கையில் வெளியிட வேண்டும், திருத்தம் கூடாது. தொழிலே தொடர முடியாத நிலை வந்தால் கதை வேறு.

வினா 3. சரக்கின் அடக்கவிலை 500, விற்பனை விலை 520, விற்பனைச் செலவு 45 ரூபாய். மதிப்பு?

விடை: 475 ரூபாய். 520-இலிருந்து 45-ஐக் கழித்தால் அடக்கவிலையைவிடக் குறைவு (ஏ.எஸ். 2).